காலிக் கட்டத்துக்கு ஒரு சுழி

போன டிசம்பர் தொடக்கத்தில் அண்ணன் மகள் கையில் ஒரு வெள்ளைத் தாளோடு வந்து நின்றாள். எட்டாம் வகுப்பு. ராமானுஜன் பிறந்த 22ஆம் தேதி பள்ளியில் கணித தின விழா. பூஜ்யமும் இடமதிப்பும் எண்ணுவதையும் வணிகத்தையும் எப்படி மாற்றின என்று ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவையோருக்கு வணக்கம், பூஜ்யத்தை உலகுக்கு ஈந்தது பாரதம், கண்டுபிடித்தவர் ஆரியபட்டர், அது இல்லையேல் கணினி இல்லை, ராக்கெட் இல்லை. எல்லாப் பள்ளி மேடையிலும் முழங்குகிற அதே உரைதான். அவள் இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"சித்தப்பா, அப்போ பூஜ்யம் வர்றதுக்கு முன்னாடி நூறுன்னு எப்படி எழுதுனாங்க?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. பரண்மேல் இருந்த தாத்தாவின் பேரேடு நினைவுக்கு வந்தது. தாத்தா மிளகாய் மண்டி வைத்திருந்தவர். கரையான் விட்டுவைத்த ஒரே ஏடு அது. தூசி தட்டி எடுத்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்து, இது எத்தனை மூட்டை என்று கேட்டேன். அங்கே ௱௫ என்று இருந்தது. அவளுக்கு ௫ மட்டும் தெரிந்தது. கொம்பு வைத்த அந்த முதல் எழுத்தை எங்கோ பார்த்த நினைவும் இருந்தது.

"பதினஞ்சா?"

நூற்று ஐந்து. ௱ என்பது நூறு. பதினைந்தாக இருந்தால் தாத்தா ௰௫ என்று எழுதியிருப்பார். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று பழந்தமிழ் எண்முறையில் தனித்தனிக் குறிகள் உண்டு. முந்நூற்று நாற்பதை ௩௱௪௰ என்று எழுதுவார்கள்: மூன்று நூறு, நான்கு பத்து. அதோடு முடிந்தது. ஒன்று என்ற இடத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டிய அவசியமே அந்த எழுத்தில் எழவில்லை. இல்லாததை எழுதாமல் விட்டால் போதும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாம் எழுதுவது ஒரு முறையில், பேசுவது வேறொரு முறையில். 105 என்று எழுதிவிட்டு நூற்று ஐந்து என்று வாசிக்கிறோம். நடுவில் இருக்கும் பூஜ்யத்தை வாய் உச்சரிப்பதே இல்லை. நம் நாக்கு இன்னும் தாத்தாவின் பேரேட்டு முறையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கணினி எழுத்துகளுக்கான யூனிகோடு பட்டியலிலும் இதே கதைதான். அதில் ௧ முதல் ௯ வரையும் ௰, ௱, ௲ ஆகிய மூன்றும் முதலிலேயே இடம்பிடித்துவிட்டன. தமிழ்ப் பூஜ்யமான ௦ வந்து சேர்ந்தது 2005ஆம் ஆண்டில்தான்.

ஆக, பூஜ்யம் இல்லாமல் எண்ண முடியாது, எழுத முடியாது என்று பேச்சில் சொன்னால் அது தவறு. பெரிய பெரிய கோயில்களின் நெல் கணக்கையும் நிலக் கணக்கையும் பூஜ்யமில்லாத எண்களில்தான் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் பூஜ்யம் எந்தக் குறையைத் தீர்க்க வந்தது? எழுதுவதில் குறையில்லை. எழுதியதை வைத்து அப்படியே கணக்குப் போட முடியவில்லை என்பதுதான் குறை.

பழைய காலத்தில் உலகின் பல இடங்களில் எழுதுவது ஒரு வேலை, கணக்கிடுவது வேறொரு வேலை. ரோமானியர்கள் எண்களை எழுத்துகளால் குறித்தார்கள். ஆனால் கூட்டலும் பெருக்கலும் பலகையில் நடந்தன. பலகையில் கோடு கிழித்து ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று கட்டங்கள் இருக்கும். அவற்றில் கூழாங்கற்களை வைப்பார்கள். ஒரு கட்டத்தில் பத்துக் கல் சேர்ந்தால் அவற்றை எடுத்துவிட்டு, இடப்பக்கக் கட்டத்தில் ஒரு கல் வைப்பார்கள். நம் பிள்ளைகள் மணிச்சட்டத்தில் செய்வது இதைத்தான்.

அந்தப் பலகையில் 105 எப்படி இருக்கும் என்று அண்ணன் மகளுக்குக் காட்ட, தாளில் மூன்று கட்டம் போட்டுப் புளியங்கொட்டைகளை வைத்தேன். நூறின் கட்டத்தில் ஒன்று, ஒன்றின் கட்டத்தில் ஐந்து. நடுக்கட்டம் காலி. பார்த்தவுடன் புரிகிறது, காலியாக இருப்பதே ஒரு செய்தி. இனி கட்டங்களை அழித்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் எழுது என்றேன். 1 5 என்று எழுதினாள். எழுதி முடித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நூற்று ஐந்து மூட்டை பதினைந்தாகிவிட்டது. நடுவில் இன்னும் கொஞ்சம் இடைவெளி விடலாமே என்றாள். விடலாம்தான். ஆனால் அவசரத்தில் எழுதுகிறவன் எவ்வளவு விடுவான்? இரண்டு கட்டம் காலியாக இருந்தால் எவ்வளவு விடுவது? கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் வெற்றுத்தாளில் இடைவெளி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது?

பூஜ்யம் பிறந்தது இந்த இக்கட்டில்தான். காலிக் கட்டத்தின் உருவத்தைத் தாளுக்குக் கொண்டுவந்த குறி அது. முதலில் ஒரு புள்ளி, பிறகு ஒரு சிறு வட்டம். அதன் பெயரும் அதையே சொல்கிறது. சூன்யம் என்றால் காலி.

ஆரியபட்டர் விஷயத்துக்கு வருவோம். 499ஆம் ஆண்டையொட்டி அவர் எழுதிய ஆரியபட்டீயத்தில் ஒவ்வோர் இடமும் முந்தைய இடத்தின் பத்து மடங்கு என்ற விதி தெளிவாக இருக்கிறது. வர்க்கமூலம் காண அவர் சொல்லும் வழியும் இடமதிப்பு இல்லாமல் நடக்காது. ஆனால் அவர் எண்களைச் சுட்டியது எழுத்துகளால். பூஜ்யத்துக்கு ஒரு குறி அந்த நூலில் இல்லை. எனவே கண்டுபிடித்தவர் என்று ஒரு பெயரைப் போட்டு முடிக்கிற வசதி நமக்கு இல்லை. பாபிலோனியர்களும் தங்கள் அறுபதடிமான எண்களின் நடுவில் காலி இடத்துக்கு ஒரு குறி வைத்திருந்தார்கள். எண்ணின் கடைசியில் மட்டும் அதைப் போடும் வழக்கம் இல்லை. அது ஒன்றா, அறுபதா, மூவாயிரத்து அறுநூறா என்பதை விஷயத்தை வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். மண்டிக் கணக்கில் அப்படி ஊகிக்க விட்டால் என்ன ஆகும் என்று தாத்தாவைக் கேட்டிருக்க வேண்டும்.

பெயர் வேண்டாம், பூஜ்யத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றால் குவாலியர் கோட்டைக்குப் போகலாம். மலையேறும் வழியில் ஒரே பாறையில் குடைந்த சின்னஞ்சிறு கோயில் ஒன்று இருக்கிறது. சதுர்புஜர் கோயில் என்று பெயர். அதன் சுவரில் 876ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று. கோயிலுக்குப் பூந்தோட்டம் விட்ட கணக்கு அது. தோட்டத்தின் நீளம் 270 முழம், அகலம் 187 முழம், சாமிக்குத் தினமும் 50 மாலை. அந்த 270இலும் 50இலும் கடைசியில் சின்ன வட்டம். பக்கத்து எண்களைவிட உருவத்தில் சிறியது, ஆனால் இன்று நாம் எழுதுகிற அதே சுழி. இதைவிடப் பழைய பூஜ்யங்களும் உண்டு. கம்போடியாவில் மேகாங் ஆற்றங்கரைச் சம்போரில் கிடைத்த கல்வெட்டில் சக ஆண்டு 605 என்பதன் நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது. நம் ஆண்டுக்கணக்கில் அது 683. எனக்கு என்னவோ குவாலியர்தான் பிடிக்கிறது. ஏனென்றால் அது பண்டிதர் நூல் இல்லை. நாளைக்கு யாராவது தோட்டத்தை வளைத்துப் போட்டால் 270 முழம் என்று காட்ட வெட்டிய சாட்சிப் பத்திரம். பூஜ்யம் அந்த அளவுக்குச் சாதாரணப் புழக்கத்துக்கு வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

அதற்கும் முன்பே, 628இல், ராஜஸ்தானத்துப் பில்லமாலத்தில் இருந்த பிரம்மகுப்தர் பூஜ்யத்தைக் காலிக் கட்டத்திலிருந்து எழுப்பி எண்களின் வரிசையில் உட்காரவைத்திருந்தார். அவர் பயன்படுத்திய சொற்களைக் கவனியுங்கள். கூட்டல் எண்ணுக்குத் தனம், கழித்தல் எண்ணுக்கு ருணம். அதாவது சொத்து, கடன். கடனிலிருந்து பூஜ்யத்தைக் கழித்தால் கடன்தான் மிச்சம். பூஜ்யத்திலிருந்து கடனைக் கழித்தால் அது சொத்தாகிறது. சமமான சொத்தும் கடனும் சேர்ந்தால் பூஜ்யம். வட்டிக்கடைக்காரருக்கு உடனே புரியும் கணிதம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்றும் எழுதிவைத்தார். அது தவறு. அந்த வகுத்தலுக்கு விடை கிடையாது என்று இன்று நாம் சொல்கிறோம்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மண்டிக்கு 208 மூட்டை வந்திருக்கிறது. மூட்டை 304 ரூபாய். மொத்தம் எவ்வளவு?

தாத்தாவின் எழுத்தில் இது ௨௱௮ பெருக்கல் ௩௱௪. இரண்டு நூறை மூன்று நூறால் பெருக்க வேண்டும். இரண்டும் மூன்றும் ஆறு. ஆனால் எதில் ஆறு? நூறை நூறால் பெருக்கினால் பத்தாயிரம் என்று தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆக ஆறு பத்தாயிரம், அறுபதாயிரம். பிறகு இரண்டு நூறையும் நான்கையும் பெருக்க எண்ணூறு. எட்டையும் மூன்று நூறையும் பெருக்க இரண்டாயிரத்து நானூறு. எட்டும் நான்கும் முப்பத்திரண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் 63,232. முடியாதது ஒன்றும் இல்லை. எண்சுவடி மனப்பாடம் செய்தவர்கள் மின்னல் வேகத்தில் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு பெருக்கலிலும் இலக்கத்தை ஒரு கையிலும் அதன் அலகை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டே போக வேண்டும். நூறும் நூறும் என்ன, பத்தும் ஆயிரமும் என்ன என்பதற்கே தனி வாய்ப்பாடு வேண்டும்.

இடமதிப்பில் அந்தச் சுமை இல்லை. 208ஐ 4ஆல் பெருக்க 832. அடுத்த இலக்கம் 0, எனவே அந்த வரி முழுக்கப் பூஜ்யம். அடுத்து 208ஐ 3ஆல் பெருக்க 624. அதை இரண்டு இடம் தள்ளி எழுத 62,400. இரண்டையும் கூட்ட 63,232. மூன்று நூறு என்பதில் உள்ள நூறை நாம் நினைக்கவே இல்லை. தள்ளி எழுதியதே அந்த வேலையைச் செய்துவிட்டது. ஒன்று முதல் ஒன்பது வரை வாய்ப்பாடு தெரிந்தால் போதும், எத்தனை பெரிய எண்ணையும் பெருக்கலாம். அலகைச் சுமக்கிற வேலையைத் தலையிலிருந்து இறக்கித் தாளில் வைத்தார்கள்.

எங்கே சறுக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். அண்ணன் மகள் அதே கணக்கைப் போட்டபோது 7,072 என்று விடை வந்தது. பூஜ்ய வரியால் என்ன ஆகப்போகிறது என்று அதை விட்டுவிட்டு, 624ஐ ஒரே ஓர் இடம் தள்ளி எழுதியிருக்கிறாள். 832ம் 6,240ம் சேர்ந்தால் 7,072. அவள் பெருக்கியது 304ஆல் அல்ல, 34ஆல்.

பழைய கணக்கர்களிடம் இதற்கு ஒரு சோதனை இருந்தது. ஒன்பது தள்ளிப் பார்ப்பது. எண்ணின் இலக்கங்களை ஒற்றை இலக்கம் ஆகும்வரை கூட்டிக்கொண்டே போக வேண்டும். 208க்கு 2, 0, 8 கூட்டப் பத்து, அதைக் கூட்ட 1. 304க்கு 7. ஒன்றையும் ஏழையும் பெருக்க 7. விடையான 63,232இன் இலக்கங்களைக் கூட்ட 16, அதைக் கூட்ட 7. பொருந்துகிறது, கணக்குச் சரி. இந்தியாவிலும் அரபு நாடுகளிலும் பிறகு இத்தாலியிலும் வணிகர்கள் இப்படித்தான் சரிபார்த்தார்கள்.

சரி, அவளுடைய தப்பான விடையையும் அதே தராசில் வைத்தோம். 7,072. ஏழு, பூஜ்யம், ஏழு, இரண்டு. கூட்டினால் 16. கூட்டினால் 7. அதுவும் பொருந்துகிறது!

அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அறுபத்து மூவாயிரத்துக்கும் ஏழாயிரத்துக்கும் சோதனை ஒரே தீர்ப்பைக் கொடுக்கிறது. காரணம் எளியது. பத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்று. நூறை வகுத்தாலும் ஒன்று, ஆயிரத்தை வகுத்தாலும் ஒன்று. ஆகவே ஓர் இலக்கம் எந்த இடத்தில் நிற்கிறது என்பது அந்தச் சோதனையின் கண்ணுக்குப் படவே படாது. இலக்கத்தை மட்டுமே பார்க்கும். பூஜ்யத்தின் வேலையோ இலக்கங்களை அதனதன் இடத்தில் நிறுத்துவது. எனவே தொலைந்த பூஜ்யத்தை ஒன்பது தள்ளிக் கண்டுபிடிக்க முடியாது. இடம் மாறிய இலக்கங்களையும் முடியாது. அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். ஏறத்தாழ இருநூறு மூட்டை, ஏறத்தாழ முந்நூறு ரூபாய், எப்படியும் அறுபதாயிரத்தைத் தொட வேண்டும் என்று மனக்கணக்கில் ஒரு மதிப்பு வைத்துக்கொண்டால் 7,072 வந்தவுடனே உறுத்தும்.

இந்தியாவிலிருந்து இந்த முறை மேற்கே போனது ஒரே தாவலில் அல்ல. பாக்தாதில் அல் குவாரிஸ்மி 9ஆம் நூற்றாண்டில் இந்தியக் கணக்கு முறை பற்றி ஒரு நூலே எழுதினார். ஆனால் அந்தக் காலத்தில் இந்தக் கணக்கைத் தூசிப் பலகையில் போட்டார்கள். பலகைமேல் மெல்லிய தூசியைப் பரப்பி, விரலாலோ குச்சியாலோ எண் எழுதுவது, பெருக்கப் பெருக்கப் பழைய இலக்கத்தை அழித்துப் புதியதை எழுதுவது. கடைசியில் விடை மட்டும் பலகையில் நிற்கும். வந்த வழி தூசியோடு போய்விடும். தப்பு நடந்திருந்தால் எங்கே நடந்தது என்று தேட முடியாது. திரும்ப முதலிலிருந்து போட வேண்டியதுதான்.

டமாஸ்கஸில் அல் உக்லிதிசி என்பவர் 952ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய கணக்கு நூலில், தூசியை விட்டுவிட்டு மையும் காகிதமுமாகக் கணக்கிடும் வழியைச் சொல்லிக் கொடுத்தார். அதற்கு அவர் காட்டிய காரணங்களில் ஒன்று ரசமானது. தெருவில் ஜோசியம் சொல்லிப் பிழைப்பவர்கள் தூசிப் பலகையைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள், கௌரவமான ஆள் அதைக் கையில் எடுத்தால் அவர்களில் ஒருவன் என்று நினைத்துவிடுவார்கள் என்பது அவர் கவலை. கௌரவத்துக்காகச் செய்ததோ என்னவோ, விளைவு பெரிது. காகிதத்தில் ஒவ்வொரு படியும் அழியாமல் நிற்கிறது. கணக்குப் போட்டவர் ஊரில் இல்லாவிட்டாலும் இன்னொருவர் வரிவரியாகச் சரிபார்க்கலாம். கூழாங்கல் பலகையாலும் தூசிப் பலகையாலும் முடியாதது அது. இருநூறு காத தூரத்தில் கிளை வைத்திருக்கும் வணிகனுக்குக் கூட்டாளியின் கணக்கை நம்புவதற்கும் சரிபார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இத்தாலியப் பைசா நகரத்து வணிகர்களுக்கு வட ஆப்பிரிக்கக் கடற்கரையில், இன்றைய அல்ஜீரியாவின் பெஜாயாவில், ஒரு சுங்க அலுவலகம் இருந்தது. அங்கே எழுத்தராக இருந்தவர் தன் மகனையும் வரவழைத்துக் கணக்குப் படிக்கவைத்தார். இந்தியர்களின் ஒன்பது இலக்கங்களை அந்தப் பையன் கற்றுக்கொண்டது அங்கேதான். லியோனார்டோ என்ற அந்தப் பையனைத்தான் நாம் ஃபிபோனாச்சி என்கிறோம். 1202இல் அவர் எழுதிய லிபர் அபாசி என்ற நூல் ஒன்பது இந்திய இலக்கங்களையும் பூஜ்யத்தையும் அறிமுகப்படுத்தித் தொடங்குகிறது. அவருடைய முயல் கணக்கு எல்லோருக்கும் தெரியும். புத்தகத்தில் பெரும்பகுதி முயல் இல்லை. சரக்கு விலை, பண்டமாற்று, கூட்டு வியாபாரத்தில் லாபப் பங்கு, நாணயத்தில் எவ்வளவு வெள்ளி எவ்வளவு செம்பு என்ற கணக்குகள். ஊருக்கு ஒரு நாணயம், ஊருக்கு ஒரு எடை என்றிருந்த காலத்தில் ஒவ்வொரு விற்பனையும் இரண்டு மூன்று பெருக்கல், வகுத்தல் இல்லாமல் முடியாது.

பெயரும் கூடவே பயணம் போனது. சூன்யம் என்பதை அரபு மொழியில் காலி என்ற பொருள்பட சிஃப்ர் என்றார்கள். லத்தீனில் அது ஸெஃபிரும் ஆனது. அதிலிருந்து ஜீரோ வந்தது. இன்னொரு கிளையாக சைஃபர் வந்தது. கடைசியில் அது கப்பலேறி நம்மூருக்கே திரும்பி வந்து, கணக்குப் பரீட்சையில் சைபர் வாங்கினான் என்று பிள்ளைகளின் காதைத் திருகும் சொல்லாக நிற்கிறது.

இவ்வளவு வசதியான முறையை ஐரோப்பா இரு கை நீட்டி வரவேற்றிருக்கும் என்றுதானே தோன்றும்? 1299இல் ஃபிளாரன்ஸ் நகரத்து நாணயமாற்று வணிகர் சங்கம் தன் உறுப்பினர்கள் கணக்குப் புத்தகத்தில் இந்தப் புது இலக்கங்களை எழுதக் கூடாது, தொகையை எழுத்தால் எழுத வேண்டும் என்று தடை போட்டது. பழமைவாதிகளின் பிடிவாதம் என்று சிரித்துவிட்டுப் போவது எளிது. அவர்களுக்கு வலுவான காரணம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. மோசடி பயம் என்றுதான் வரலாற்றாசிரியர்கள் வழக்கமாக இதை விளக்குகிறார்கள்.

தாளை எடுத்து முயன்று பாருங்கள். 50 என்று எழுதிய சீட்டின் பூஜ்யத்துக்கு மேலே ஒரு சின்ன வால் போட்டால் 56. கீழே வால் போட்டால் 59. பின்னால் இன்னொரு சுழி போட்டால் 500. இரண்டு விநாடி வேலை. தாத்தாவின் ௫௰ என்பதோடு இந்த விளையாட்டு இதே மாதிரி நடக்காது. பின்னால் ஓர் ஐந்தைச் சேர்த்தால் ௫௰௫, ஐம்பத்தைந்து. ஐந்து ரூபாய் திருடலாம். ஐம்பதை ஐந்நூறாக்க வேண்டுமானால் ௰ என்பதையே ௱ ஆக மாற்ற வேண்டும், அது கண்ணுக்குத் தெரியும். இடமதிப்பின் பலமும் பலவீனமும் ஒன்றேதான். பூஜ்யத்துக்குத் தனக்கென்று மதிப்பு இல்லை, ஆனால் பக்கத்தில் வந்து நின்றாலே மற்றவர்களைப் பத்து மடங்காக்கிவிடும்.

தடை எழுத்தில்தான் இருந்தது. 1338ஆம் ஆண்டு ஃபிளாரன்ஸைப் பற்றி எழுதிய ஜோவானி வில்லானி, நகரத்தில் ஆறு பள்ளிகளில் 1,000 முதல் 1,200 பையன்கள் வரை இந்தக் கணக்கைப் படிக்கிறார்கள் என்று குறித்திருக்கிறார். தடை வந்து நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை. பேரேட்டில் எழுத்தில் எழுதுகிறார்கள், ஓரத்துத் தாளில் புது இலக்கத்தில் கணக்கிடுகிறார்கள், பையனைப் புதுப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். ஊருக்கு உபதேசம் என்பது எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாது. தாத்தாவின் ஏடு, புளியங்கொட்டைக் கட்டம், குவாலியர் தோட்டம், தொலைந்த பூஜ்யம் நான்கையும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். ஃபிளாரன்ஸை நான் விடச் சொன்னேன், அவள் விடமாட்டேன் என்றாள். மேடையில் 50க்கு வால் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கும்போது மணி அடித்துவிட்டார்கள். மோசடி செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் பாதியில் இறங்கி வந்திருக்கிறாள்.

அன்று மாலை அண்ணன் காசோலை எழுதிக்கொண்டிருந்தார். கட்டத்துக்குள் 20,800 என்று எழுதி, பின்னால் யாரும் எதையும் சேர்க்காதபடி சாய்கோடும் சிறுகோடும் இழுத்தார். மேலே கோட்டில் இருபதாயிரத்து எண்ணூறு மட்டும் என்று எழுதி, மிச்ச இடத்தை நீளமாக ஒரு கோடு போட்டு அடைத்தார். எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் எது செல்லும் என்று மகள் கேட்டாள். எழுத்துதான் என்றேன். 1881ஆம் ஆண்டின் செலாவணி முறி ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

அவள் காசோலையை வாங்கிப் பார்த்தாள். எண்ணில் மூன்று பூஜ்யம். எழுத்தில் ஒன்றுகூட இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்பா கிழித்தெடுத்த அடிக்கட்டையின் ஓரத்தில் பென்சிலால் மெதுவாக எழுதினாள்: ௨௰௲௮௱.

"யாரு இப்படிக் கிறுக்குனது?" என்றார் அண்ணன்.

"தாத்தாப்பா" என்றாள்.